தோட்டப்புறத்தில் குடற்புழு பரவல் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டுவதிலிருந்து. யார், எங்கே, எந்தக் காலத்தில், எந்தப் புழு, எந்தப் பரிசோதனையில்? இந்த ஐந்தும் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். உதாரணமாக: "இந்த ஊரின் நான்கு டிவிஷன்களிலும் பக்கத்துத் தாமானிலும் குடியிருக்கும் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில், இந்த இரண்டு மாதத்துக்குள் எடுத்த மலத்தில், ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் முட்டையை எண்ணும் காட்டோ-காட்ஸ் முறையில் பார்த்தால், உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றில் ஏதாவது ஒன்றின் முட்டை எத்தனை சதவீதம் பேரிடம் தெரிகிறது?"

இதுதான் குறுக்குவெட்டு ஆய்வு. ஒரு காலகட்டத்தில் ஊரின் நிலைமையை அளக்கிறோம். புதிதாக எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பதை இது சொல்லாது. எதனால் வந்தது என்பதையும் நேராகச் சொல்லாது. எல்லா ஒட்டுண்ணிகளையும் ஒரே ஆய்வில் பார்த்துவிட ஆசை வரும், ஆனால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவுக்கும் கீரிப்பூச்சிக்கும் வேறு முறைகள் வேண்டும். மேலே சொன்ன மூன்றோடு நிறுத்திக்கொண்டால் வேலை ஒழுங்காக நடக்கும்.

கிளினிக்குக்கு வருபவர்களை, இல்லாவிட்டால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தால் போதாதா?

கிளினிக்குக்கு வருபவர்கள் ஏற்கெனவே உடம்புக்கு முடியாதவர்கள், அவர்களிடம் கிடைக்கும் சதவீதம் ஊரின் சதவீதம் ஆகாது. பள்ளி விஷயம் வேறு. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பெரும்பாலும் பிள்ளைகளிடம்தான் அதிகம், அதனால் "பள்ளிப் பிள்ளைகளிடம் எவ்வளவு" என்பதே உங்கள் கேள்வி என்றால் பள்ளியில் எடுப்பது சரிதான். ஆனால் கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு போவது. வேலைக்காட்டில் நிற்கும் பெரியவர்களிடம் அது கூடுதலாக இருக்கலாம். பள்ளியில் மட்டும் பார்த்தால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளைகளும் விடுபட்டுப்போவார்கள், கவனிக்கப்பட வேண்டியவர்களே அவர்கள்தான். ஊரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

நூறு பேர் போதுமா?

நூறு பேரில் 20 பேருக்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முழுக்கக் குலுக்கலில் வந்தவர்களாக இருந்தால்கூட, உண்மையான அளவு 12 சதவீதத்திலிருந்து 28 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

மாதிரி அளவுக்கு எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம் இது:

```
n = 1.96² × p × (1 − p) / d²
```

1.96 என்பது 95 சதவீத நம்பகத்துக்கான எண், p என்பது நீங்கள் எதிர்பார்க்கும் பரவல், d என்பது எத்தனை புள்ளி முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்பது. p-ஐ 20 சதவீதம், அதாவது 0.20 என்றும், d-ஐ 5 புள்ளி, அதாவது 0.05 என்றும் போட்டால் 246 பேர் வருகிறது. முன்பு யாரும் பார்த்ததே இல்லை, p தெரியாது என்றால் 50 சதவீதம் போடுங்கள், 385 பேர் வரும், d 5 ஆக இருக்கும்வரை அதுதான் அதிகபட்சம். பரவல் 5 சதவீதம்தான் இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் d-ஐ 5 என்று வைக்காதீர்கள், பூஜ்யத்திலிருந்து 10 வரை என்ற பதில் வந்து என்ன பிரயோசனம்? அங்கே d-ஐ 2 ஆக்க வேண்டும், தேவை 457 பேருக்கு ஏறிவிடும்.

நான் இங்கே 20-ஐ எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைகளிடம் பரவல் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த எல்லைக்கு மேலா கீழா என்று சொல்லத் தெரிந்தால்தான் ஆய்வுக்குப் பயன். அது பிள்ளைகளை வைத்துச் சொன்ன எல்லை என்பதால், அறிக்கையில் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தனியாகவும் காட்டுங்கள்.

246 பேர் என்று வந்துவிட்டது. அப்புறம் ஏன் எல்லோரும் ஐந்நூறு போத்தல் வாங்கச் சொல்கிறார்கள்?

இரண்டு காரணம். முதலாவது, ஒரே வீட்டில் நான்கு பேரிடம் எடுத்தால் அது நான்கு தனித்தனித் தகவல் ஆகாது. ஒரே வாசல், ஒரே தண்ணீர், ஒரே கழிவறை. அண்ணனுக்குப் புழு இருந்தால் தம்பிக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒற்றுமைக்காக மாதிரியைப் பெரிதாக்க வேண்டும், அதற்கு வடிவமைப்பு விளைவு என்று பெயர்:

```
deff = 1 + (m − 1) × ICC
```

m ஒரு வீட்டில் எத்தனை பேர், ICC அந்த வீட்டு ஒற்றுமையின் அளவு. ஒற்றுமையை 0.2 என்று அனுமானித்து, வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் விளைவு 1.6. ஆக 246 என்பது 394 ஆகிறது.

இரண்டாவது, கொடுத்த போத்தலெல்லாம் திரும்பி வராது. நான்கில் ஒன்று வராது என்று கணக்கு வைத்தால் 394-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும், 526 பேர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 132 வீடு.

சிலர் வீட்டுக்கு ஒருவரை மட்டும் எடுத்து இந்தப் பெருக்கலைத் தவிர்ப்பார்கள். கணக்குப்படி நல்ல யோசனை. ஆனால் 300-க்கும் மேற்பட்ட வீட்டுக்கு ஏற வேண்டும், "என் பிள்ளைக்குப் பார்த்தீர்கள், எனக்கு ஏன் பார்க்கவில்லை" என்ற கேள்விக்கு ஒவ்வொரு வாசலிலும் பதில் சொல்ல வேண்டும். லயத்தில் நான்கு பேரையும் சேர்த்து எடுப்பதுதான் மரியாதை என்பது என் கருத்து.

வீட்டுப் பட்டியலைத் தோட்டத்து ஆபீஸில் வாங்கிக்கொள்ளலாமா? கிராணியிடம் எல்லாப் பெயரும் இருக்கிறதே?

வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கிராணியின் செக்ரோலில் இருப்பது சம்பளம் வாங்குகிறவர்கள். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கும் தாத்தா அதில் இல்லை. குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குப் போகிறவர்கள் இல்லை. தோட்டத்தை விட்டு விலகியும் வேறு வீடு கிடைக்காமல் பழைய லயத்திலேயே இருக்கும் குடும்பம் இல்லை, அல்லது இருந்தும் பேசப்படுவதில்லை. தண்ணீரும் கழிவறையும் மோசமாக இருப்பது பெரும்பாலும் இவர்கள் வீடுகளில்தான். பட்டியலில் இவர்கள் விடுபட்டால் உங்கள் சதவீதம் உண்மையைவிடக் குறைவாக வரும், எத்தனை ஆயிரம் பேரைப் பரிசோதித்தாலும் அந்தக் குறை தீராது.

அதனால் ஆய்வுக்கு முன் வாரத்தில் இரண்டு இரண்டு பேராக நடந்து எல்லாக் கதவையும் எண்ணுங்கள். கையால் ஒரு படம் வரையுங்கள்: லயம், கோயில், சாக்கடை, பின்னால் ஒட்டுப்போட்ட அறை, ஆற்றோரக் கொட்டகை. ஆள் இருக்கும் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம். இப்படி எண்ணியதில் 520 கதவு வந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சேர்த்தால் அதைத் தனிப் பிரிவாக வையுங்கள், அவர்கள் மொழியில் பேச ஆள் வையுங்கள். சேர்க்கவில்லை என்றால் அறிக்கையில் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

நான்காவது வீடு, எட்டாவது வீடு என்று நடந்துகொண்டே எடுத்தால் சுலபமாக இருக்குமே?

தாமானில் ஓரளவு சரி. லயத்தில் எனக்குப் பயம். காரணம் லயத்தின் அமைப்பு. ஒரு வரிசைக்கு எட்டு வீடு என்று கட்டியிருந்தால், நான்கு வீட்டுக்கு ஒன்று எடுக்கும்போது எல்லா வரிசையிலும் அதே நான்காவது, எட்டாவது வீடுதான் மாட்டும். எட்டாவது வீடு கடைசி வீடு. தண்ணீர்க் குழாயும் சாக்கடை வாயும் பொதுக் கழிவறையும் வரிசையின் ஒரு கோடியில் இருந்தால், உங்கள் மாதிரியில் கோடி வீடுகள் இருக்க வேண்டியதைவிட அதிகமாக வந்துவிடும், தொடக்க எண் வேறாக இருந்தால் வராமலே போய்விடும். முடிவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, படத்தில் தேர்வான வீடுகளுக்கு வண்ணம் அடித்துப் பார்த்தால் நேர்கோடாக நிற்கும், அப்போதுதான் தெரியும்.

இதைவிடச் சுலபம், எண்களைக் கணினியில் R என்ற புள்ளியியல் மென்பொருளில் குலுக்கிப் போடுவது:

```r
set.seed(2417)
sort(sample(1:520, 132))
```

முதல் வரி எதற்கென்றால், வேறு யார் ஓட்டினாலும் அதே கணினி நிரலில் அதே பட்டியல் வரும். "அவர் தெரிந்த வீடாகப் பார்த்து எடுத்தார்" என்று பேச்சு வந்தால் காட்டலாம். தோட்டத்தில் அந்தப் பேச்சு கட்டாயம் வரும்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. பகலில் பூட்டிய வீடு என்பது எல்லோரும் வேலைக்குப் போகிற வீடு. பக்கத்தில் திறந்திருப்பது வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிற வீடு. மாற்றிக்கொண்டே போனால் உழைக்கிறவர்கள் ஆய்விலிருந்து மெல்ல மறைந்துவிடுவார்கள். மாலை ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை, இன்னொரு நாள் ஒரு தடவை என்று மூன்று முறை போங்கள். அப்புறமும் ஆள் இல்லை என்றால் "சந்திக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு நகருங்கள். அதற்காகத்தான் கூடுதலாக எடுத்திருக்கிறோம்.

மானேஜர் எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டார். ஒவ்வொருவரிடமும் ஏன் மறுபடி கையெழுத்து?

மானேஜர் கொடுத்தது கேட்டைத் தாண்டி உள்ளே வரும் அனுமதி. இன்னொருவர் மலத்தைப் பரிசோதிக்க அவரால் சம்மதம் கொடுக்க முடியாது. பள்ளித் தலைமையாசிரியராலும் முடியாது, கோயில் தலைவராலும் முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வீடு நிர்வாகத்துடையது, வேலை நிர்வாகத்துடையது. கூட மண்டோர் வந்து நின்றால் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? எல்லோரும் தலையாட்டுவார்கள், போத்தலை வாங்கிக்கொள்வார்கள், மறுநாள் காலி போத்தல் திண்ணையில் இருக்கும். மண்டோரும் கிராணியும் வழி காட்டுவதோடு நிற்கட்டும், வாசலுக்கு வர வேண்டாம். முடிவுகள் நிர்வாகத்துக்கு ஆள்வாரியாகப் போகாது என்று மானேஜரிடமே முதலில் எழுதி வாங்குங்கள், அப்போதுதான் வீட்டில் அதைத் தைரியமாகச் சொல்ல முடியும்.

இதற்கெல்லாம் முன்பு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழகம் வழியாகச் செய்தால் அங்குள்ள குழு. சுகாதார அமைச்சின் கிளினிக்கோ ஊழியரோ சம்பந்தப்பட்டால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான என்.எம்.ஆர்.ஆர். தளத்தில் பதிந்து, மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவான எம்.ஆர்.இ.சி.யின் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் வராமல் ஒரு போத்தலும் கொடுக்காதீர்கள்.

சம்மதக் கடிதத்தில் என்ன எழுதுவது? ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்தால் போதுமா?

மொழிபெயர்த்த படிவங்களைப் படித்தால் எழுதியவருக்கே புரிவதில்லை. வாசலில் நின்று எப்படிப் பேசுவீர்களோ அப்படி எழுதுங்கள்:

"உங்கள் வீடு குலுக்கலில் வந்தது. வயிற்றில் பூச்சி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்க்கிறோம். ஒரு நாள் காலை மலத்தில் கொஞ்சம், கட்டைவிரல் நுனி அளவு, இந்தப் போத்தலில் வேண்டும். ஊசி இல்லை, ரத்தம் எடுக்க மாட்டோம். போத்தலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பூச்சி இருந்தால் உங்களிடம் மட்டும் சொல்வோம், மருந்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம். வேலைக்கோ வீட்டுக்கோ கிளினிக்குக்கோ இதனால் எந்த மாற்றமும் வராது."

படித்துக் காட்டிய பிறகு "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "பாட்டி, வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "அது எப்படிச் சொல்ல முடியும், தோட்டத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்களே" என்று பதில் வந்தால் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதலிலிருந்து சொல்லுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக் குழுவில் இல்லாத ஒரு சாட்சியின் முன்னால் முழுவதும் வாசித்துவிட்டுப் பெருவிரல் ரேகை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். புரிந்துகொள்ளும் வயதுப் பிள்ளையிடம் தனியாகவும் கேளுங்கள், அம்மா சரி சொல்லியும் பையன் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

ஐ.சி. எண் கேட்கலாமா?

கேட்காதீர்கள். தோட்டப்புறத்தில் சிவப்பு ஐ.சி.யோடு இருப்பவர்களும், பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் படிவத்தில் பார்த்த உடனே கதவு சாத்திவிடும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைப் பின்னறையில் உட்காரவைத்துவிட்டு "வீட்டில் மூன்று பேர்தான்" என்பார்கள். கணக்கிலிருந்து ஒரு பிள்ளை போய்விடும். வீட்டு எண்ணும் ஆள் எண்ணும் சேர்ந்த குறியீடு போதும், 087-3 என்பது போல. பெயரும் குறியீடும் சேர்ந்த ஒரே தாளை ஒருவர் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளட்டும்.

போத்தல் திரும்பி வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

நேரம்தான் பெரிய பிரச்சினை. பால்மரத்துக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஒன்பது மணிக்கு வண்டியில் வந்து இறங்கினால் வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும். மாலையில் போத்தலைக் கொடுங்கள், மறுநாள் மட்டுமல்லாமல் அடுத்த இரண்டு நாளும் வந்து வாங்குங்கள், மூடியில் எடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேப்புக்குப் போக வேண்டும்.

வயசுப் பெண்கள் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். பெண் தன்னார்வலர் தனியாகப் பேசி, உள்ளே தெரியாத பையில் வாங்கினால் கொஞ்சம் மாறும்.

ஒரு விஷயத்தைக் கண்காணியுங்கள்: ஒரே மலத்தை நான்கு போத்தலிலும் போட்டுத் தருவது. உங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்கூட இது நடக்கும். நான்கு போத்தலிலும் ஒரே நிறம், ஒரே பதம், எண்ணிப் பார்த்தால் மூன்று புழு முட்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் என்றால் சந்தேகப்படுங்கள். சண்டை போடாமல் புதிதாக ஒரு முறை கேளுங்கள்.

லேப்பில் ஒரு ஸ்லைடு பார்த்தால் போதுமா?

காட்டோ-காட்ஸ் அச்சில் பிடிப்பது 41.7 மில்லிகிராம் மலம்தான், அதனால்தான் எண்ணிய முட்டையை 24-ஆல் பெருக்கி ஒரு கிராமுக்கு இவ்வளவு என்கிறோம். அந்தச் சிறு துளியில் முட்டை இல்லை என்பதால் ஆளிடம் புழுவே இல்லை என்று ஆகிவிடாது. லேசான தொற்று நிறையத் தப்பும். ஒரு போத்தலுக்கு இரண்டு ஸ்லைடாவது போடுங்கள், முடிந்தால் இரண்டு நாள் மலம். "இந்த முறையில் இவ்வளவு" என்று எழுதுங்கள், உண்மை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கொக்கிப்புழு முட்டைக்கு அவசரம் உண்டு. ஸ்லைடில் கிளிசரின் ஊறஊற அது கரைந்து மறைந்துவிடும், அதனால் ஸ்லைடு போட்ட அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். காலையில் போட்ட ஸ்லைடை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் கொக்கிப்புழுவே இல்லாத ஊர் மாதிரி தெரியும். ஒவ்வொரு ஸ்லைடிலும் போட்ட நேரம், பார்த்த நேரம் இரண்டையும் குறித்தால், நேரம் கடந்த ஸ்லைடுகளில் மட்டும் கொக்கிப்புழு குறைகிறதா என்று பிறகு பார்க்கலாம்.

400 போத்தல் வந்தது, 64 பேருக்கு இருந்தது. 16 சதவீதம், அதாவது 20-க்குக் கீழே என்று எழுதிவிடலாமா?

16 சதவீதம் என்று எழுதலாம். 20-க்குக் கீழே என்று எழுத முடியாது.

400 பேரும் தனித்தனியாக வந்தவர்கள் போலக் கணக்குப் போட்டால் இடைவெளி 12.4-லிருந்து 19.6 வரை வரும், 20-ஐத் தொடாது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இவர்கள் 132 வீட்டிலிருந்து வந்தவர்கள், வீட்டுக்குச் சராசரி மூன்று பேர். அதே 0.2 ஒற்றுமையை வைத்தால் விளைவு 1.4, இடைவெளி 11.7-லிருந்து 20.3 வரை விரிகிறது. இப்போது 20 உள்ளே வந்துவிட்டது. மாத்திரைத் திட்டம் தேவையில்லை என்று யாராவது சொல்ல இந்த ஆய்வைக் காட்டினால், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உண்மையான கணக்கில் 0.2 என்ற அனுமானத்தை விட்டுவிட்டு, வீட்டு எண்ணைக் கொத்தாகக் கொடுத்துப் புள்ளியியல் மென்பொருளிலேயே விளைவை எடுங்கள்.

போத்தல் தராத 126 பேர் யார் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்: வயது, ஆணா பெண்ணா, எந்த லயம். அவர்களில் பாதிப் பேர் வெட்டுக்கும் பால்மரத்துக்கும் போகிற ஆண்கள் என்றால், உங்கள் 16 சதவீதம் உழைக்கும் ஆண்களைப் பற்றி அதிகம் சொல்லாது. கடந்த ஆறு மாதத்தில் பூச்சி மாத்திரை சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் வேண்டும்.

செருப்புப் போடாதவர்களிடம் பூச்சி அதிகமாக இருந்தது. செருப்பு இல்லாததுதான் காரணம் என்று சொல்லலாமா?

சேர்ந்து காணப்பட்டது என்று சொல்லலாம். இரண்டையும் ஒரே நாளில்தான் பார்த்தீர்கள், எது முன்னால் என்று தெரியாது. செருப்பு இல்லாத வீட்டில் கழிவறையும் இல்லாமல் இருக்கலாம்.

பூச்சி இருப்பவர்களுக்கு நாங்களே மாத்திரை கொடுக்கலாமா?

மருத்துவரோ மருத்துவ உதவியாளரோ பொறுப்பேற்றால்தான். இந்த ஏற்பாட்டை முதல் போத்தல் கொடுப்பதற்கு முன்பே கிளினிக்கோடு பேசி முடித்திருக்க வேண்டும், முடிவு வந்த பிறகு ஓடக் கூடாது. வழக்கமானது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதில்லை, அதனால் பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். சாட்டைப்புழுவை அந்த ஒரு வேளை பல பேரிடம் முழுக்க விரட்டாது, "மாத்திரை சாப்பிட்டாச்சு, இனி இருக்காது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

முடிவை மூடிய உறையில், ஆளுக்கு ஆள், அவரவர் கையில் கொடுங்கள். இல்லை என்று வந்தவருக்கும் உறை உண்டு, இல்லாவிட்டால் உறை வாங்கியவர் யாரென்று பார்த்தே லயத்துக்குத் தெரிந்துவிடும். ஊர்க் கணக்கைப் பிறகு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொல்லலாம், லயம் வாரியாகப் பிரித்துக் காட்டாமல். ஏழெட்டு வீடு இருக்கிற ஒரு வரிசையின் சதவீதத்தைத் திரையில் போட்டால் அது அந்த வீடுகளின் பெயரைச் சொன்னதற்குச் சமம்.